மின்வெட்டில் சாகும் மெமரி கார்டு

ராஸ்பெரி பையில் நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவு செய்கிறீர்கள். மின்சாரம் போய் வந்த பிறகு சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. கார்டைப் படிக்கும்போது துடிக்கும் பச்சை விளக்கு அசையவில்லை. பழுது பெரும்பாலும் மெமரி கார்டில்தான்.

கார்டுக்குள் இருக்கும் சிப், ஒரு வரியை மாற்றவும் பெரிய தொகுதி ஒன்றையே நகர்த்தி எழுத நேரிடும். எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையும் அதுவே திருத்துகிறது. அந்த நொடியில் மின்சாரம் நின்றால், நீங்கள் தொடாத கோப்புகளும் சிதையலாம். நீங்கள் எதையும் சேமிக்காவிட்டாலும், இயங்குதளம் தன் பதிவேடுகளை எழுதிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே எழுதுவதையே நிறுத்துவதுதான் உறுதியான வழி. இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
sudo raspi-config
```

Performance Options பகுதியில் Overlay File System என்பதை இயக்கி, மறுதொடக்கம் செய்யுங்கள். கார்டு இனி படிக்க மட்டுமே. புதிதாக எழுதுவதெல்லாம் ரேமுக்குப் போய், மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும். வெப்பநிலைப் பதிவும் அப்படியே மறையும் என்பதால், அதை வேறு கணினிக்கு அனுப்புங்கள், அல்லது தனி யுஎஸ்பி எஸ்எஸ்டியில் எழுதுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது இந்த ஏற்பாட்டை அணைத்து, முடிந்ததும் மீண்டும் இயக்க வேண்டும்.

விலையுயர்ந்த கார்டு மட்டும் இதைத் தீர்க்காது. ஏற்பாடு முடிந்ததும் கார்டின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள்.