லாபத்தைத் தின்னும் நாட்கள்

பருப்பு மொத்த வியாபாரி ஒருவர் மளிகைக் கடைக்கு ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கைக் கடனாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 97,000, லாபம் 3,000. முதல் வங்கிக் கடன், வட்டி மாதம் ஒரு சதவீதம். அதாவது மாதத்துக்கு 970 ரூபாய்.

பதினைந்து நாளில் பணம் வந்தால் வட்டிபோக 2,500 ரூபாய்க்கு மேல் நிற்கும். மூன்று மாதம் இழுத்தால் 90 ரூபாய்தான் மிஞ்சும். விற்பனை நடந்தது, லாபம் நடக்கவில்லை! அந்த ஒரு லட்சம் வராமலே போனால், அதை ஈடுகட்ட இன்னும் 32 லட்சத்துக்குமேல் விற்றாக வேண்டும்.

சட்டமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தரச் சொல்லும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பாதுகாப்பு, உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்பவருக்கு இல்லை.

அதனால் அனுபவசாலிகள் நம்புவது பில்வாரிக் கணக்கை. மொத்த பாக்கியை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். பழைய பில் தீராமல், அவ்வப்போது ஐயாயிரம், பத்தாயிரம் என்று உருண்டைத் தொகையாக வரத் தொடங்குவது முதல் அறிகுறி. ஆர்டர் திடீரெனச் சுருங்கினால், அவர் வேறிடத்தில் ரொக்கத்துக்கு வாங்குகிறார் என்று சந்தேகிக்கலாம்.

அப்போது சரக்கை அடியோடு நிறுத்தினால் பழைய பாக்கி சிக்கிக்கொள்ளும். பழைய பில் ஒன்றைத் தீர்த்தால், அதைவிடச் சற்றுக் குறைவான தொகைக்குப் புதுச் சரக்கு என்று கொடுத்தால், உறவும் முறியாது, பாக்கியும் மெல்ல இறங்கும்.