மேலதிகாரியின் இன்பாக்ஸும் பி.ஏ.வின் சாவியும்

ஒரு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பகுதியை அவர் நேரில் படிக்க வேண்டிய தேவையே இருக்காது. சந்திப்புக்கு நேரம் கேட்பவை, தகவலுக்காக நகல் அனுப்பப்பட்டவை, வேறு துறைக்குப் போக வேண்டியவை ஆகியவற்றைப் பிரித்து வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவருடைய பி.ஏ.வுக்கு வந்துசேரும். எளிதென்று நினைத்துப் பல அலுவலகங்களில் இதற்குக் கையாளும் வழி, கடவுச்சொல்லைச் சொல்லிவிடுவது. அப்படிச் செய்தால், யார் எதை அழித்தார், யார் எதை அனுப்பினார் என்ற கேள்வி எழும்போது பதிவேடு எல்லாவற்றையும் நிர்வாக இயக்குநர் செய்ததாகவே காட்டும். பி.ஏ. தன் சொந்தக் கணக்கில் உள்நுழைந்து, அங்கிருந்து மேலதிகாரியின் பெட்டியைத் திறக்க அனுமதி பெறுவதே முறையான பிரதிநிதி அணுகல். அதில் ஒவ்வொரு செயலும் செய்தவர் பெயரிலேயே பதிவாகும். வேண்டாதபோது அனுமதியை மட்டும் எடுத்துவிடலாம்.

பெரிய நிறுவனங்களில் பரவலாக உள்ள மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கை எடுத்துக்கொண்டால், மேலதிகாரி தானே ஒருவரைப் பிரதிநிதியாகச் சேர்க்கலாம். இன்பாக்ஸ், நாட்காட்டி, தொடர்புகள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே Reviewer, Author, Editor ஆகிய மூன்று நிலைகளில் ஒன்றைத் தர முடியும். Reviewer படிக்க மட்டும் செய்வார். Author புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம்; ஆனால் வந்திருக்கும் மெயிலை நகர்த்தவோ அழிக்கவோ முடியாது. பிரித்து அடுக்கும் வேலை நடக்க வேண்டுமானால் இன்பாக்ஸுக்கு Editor நிலை தேவைப்படும்.

இந்த மூன்றுக்கும் வெளியே Full Access என்று ஒன்று உண்டு. இதை ஐ.டி. பிரிவுதான் தர முடியும். பெட்டி முழுவதும், எல்லாக் கோப்புறைகளும், இனி உருவாகப்போகும் கோப்புறைகளும்கூடத் திறந்துவிடும். ‘பி.ஏ.வுக்கு மெயில் தெரியவில்லை’ என்று புகார் போனதும் ஐ.டி. பிரிவு சட்டென்று கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். பிறகு மேலதிகாரி எத்தனை கவனமாகக் கோப்புறை அனுமதிகளை அமைத்தாலும் பயன் இல்லை. மேலதிகாரியின் திரையில் இந்த அனுமதி தெரியாது என்பதால், ஐ.டி. பிரிவிடம் கேட்டுத்தான் அறிய முடியும். அவர்கள் இயக்கிப் பார்க்க வேண்டிய கட்டளைகள் இரண்டு (முகவரி மாதிரிக்கு):

```
Get-MailboxPermission -Identity md@example.com
Get-MailboxFolderPermission -Identity md@example.com:\Inbox
```

முதல் கட்டளையின் விடையில் பி.ஏ.வின் பெயருக்கு எதிரே FullAccess என்றிருந்தால், அதை நீக்கிய பிறகே மற்றதைப் பேச முடியும்.

அனுப்பும் உரிமை படிக்கும் உரிமையிலிருந்து வேறானது. அவுட்லுக்கில் பிரதிநிதியாகச் சேர்க்கப்பட்டவருக்கு Send on Behalf தானாகக் கிடைத்துவிடும். அவர் அனுப்பும் கடிதத்தில், இன்னாருக்காக இன்னார் அனுப்பியது என்று இரு பெயர்களும் தெரியும். Send As என்பதை ஐ.டி. பிரிவு தர வேண்டும். அதில் மேலதிகாரியின் பெயர் மட்டுமே இருக்கும், பெறுபவருக்கு வேறுபாடு தெரியாது. இரண்டும் ஒருவரிடம் இருந்தால் Send As முந்திக்கொள்ளும். நேரம் ஒதுக்குவது, ரசீது ஒப்புக்கொள்வது போன்றவற்றுக்கு இரு பெயர் வடிவமே நல்லது. பெறுபவர் பி.ஏ.வையே நேரடியாகத் தொடர்புகொள்ளவும் அது வழிகாட்டும். பணம், நியமனம், ஒப்புதல் ஆகிய மூன்றையும் பி.ஏ. வரைவாக எழுதி வைக்க, மேலதிகாரி தன் கையாலேயே அனுப்புவது பாதுகாப்பு.

அன்றாட வேலையில் முதலில் இடறுவது படித்த அடையாளம். பி.ஏ. ஒரு மெயிலைத் திறந்ததும் தடித்த எழுத்து மேலதிகாரியின் திரையிலும் மெலிந்துவிடும். பெட்டி ஒன்றுதான், அடையாளமும் ஒன்றுதான். ‘புதிதாக ஒன்றும் வரவில்லை’ என்று மேலதிகாரி நினைத்துக்கொண்டிருக்க, முக்கியக் கடிதம் ஒன்று கீழே இறங்கிப் போயிருக்கும். எனவே, படித்தது, படிக்காதது என்ற அடையாளத்தை இருவரும் கைவிட்டு, கோப்புறையையும் வண்ணக் குறியையும் நம்புவது நல்லது. பொருள்வாரியாக நாற்பது கோப்புறைகள் திறப்பதைவிட, ‘இன்று முடிவு’, ‘படிக்க’, ‘பதிலுக்குக் காத்திருப்பு’ என அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் மூன்று போதும். பழைய கடிதத்தைத் தேடி எடுக்கத் தேடுபெட்டி இருக்கிறது.

அடுத்த சிக்கல், அனுப்பிய கடிதத்தின் நகல். வழக்கமான அமைப்பில் பி.ஏ. மேலதிகாரிக்காக அனுப்பியது பி.ஏ.வின் சொந்த Sent Items கோப்புறையில் போய் உட்காரும். பழைய அவுட்லுக்கில் அழித்ததும் அப்படித்தான், பி.ஏ.வின் குப்பைக்கே போகும். மேலதிகாரியின் பெட்டியில் கேள்வி இருக்கும், பதில் இருக்காது. நகல் இரு பெட்டிகளிலும் சேரும்படி மாற்ற முடியும். அதைத் தொடக்கத்திலேயே ஐ.டி. பிரிவிடம் கேட்டுச் செய்துகொள்ளாவிட்டால், பி.ஏ. வேலையை விட்டுப் போகும் நாளில்தான் ஓராண்டுப் பதில்கள் காணாமல் போனது தெரியவரும்.

ரகசியத்தின் எல்லை எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தை எண்ணிப் பார்க்கலாம். மார்ச் காலாண்டு முடிந்து ஏப்ரல் பிறந்ததும், நிதி அதிகாரியிடமிருந்து நிதி முடிவுகளின் வரைவு வரத் தொடங்கும். செபியின் 2015-ஆம் ஆண்டு உள்வணிகத் தடை ஒழுங்குமுறையின்படி இது விலையைப் பாதிக்கக்கூடிய, வெளியிடப்படாத தகவல். அதைக் காணும் செயலகப் பணியாளர்களும் ‘குறிப்பிட்ட நபர்கள்’ பட்டியலில் சேர வேண்டும். காலாண்டு முடிந்ததிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் வரை, அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் நிறுவனத்தின் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. தகவல் யாரிடம் பகிரப்பட்டது என்பதை நிரந்தரக் கணக்கு எண்ணுடன் மின்பதிவேட்டிலும் எழுத வேண்டும். அதாவது, இன்பாக்ஸைத் திறந்துவிட்ட மேலதிகாரி, தான் அறியாமலேயே பி.ஏ.வை ஒரு சட்டக் கடமைக்குள் இழுத்துவிடுகிறார். ஒன்று, பி.ஏ.வைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த மெயில் அவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

படாமல் இருக்க ‘தனி’ என்றொரு கோப்புறை உருவாக்கப்படுகிறது. அதை எங்கே உருவாக்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இன்பாக்ஸுக்கு உள்ளே உருவாக்கினால், புதிய கோப்புறை இன்பாக்ஸின் அனுமதிகளைப் பிறக்கும்போதே எடுத்துக்கொள்ளும், பி.ஏ. அதையும் படிக்கலாம். இன்பாக்ஸுக்கு வெளியே, அதற்குச் சமமான மட்டத்தில் உருவாக்க வேண்டும். பெயருக்கு முன்னால் பூட்டுப் படம் போட்டால் மட்டும் பூட்டு விழாது.

அடுத்தது, மெயிலைத் தானாக அங்கே அனுப்பும் விதி. அனுப்புநர் பெயரை மட்டும் வைத்து விதி எழுதினால், நிதி அதிகாரியின் பயணச் செலவும் விடுப்புக் கடிதமும்கூட ரகசியக் கோப்புறைக்குப் போய், மேலதிகாரி மறுபடியும் தனியாகக் குவியலோடு மல்லுக்கட்ட நேரும். இருதரப்பும் ஒரு குறிச்சொல்லை முடிவுசெய்துகொண்டு, அது தலைப்பில் இருந்தால் நகர்த்து என்று எழுதுவது மேல். விதியின் பெயருக்குப் பக்கத்தில் ‘client-only’ என்று காட்டினால் அதை மாற்றி எழுத வேண்டும். அத்தகைய விதி மேலதிகாரியின் கணினியில் அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும். அவர் விமானத்தில் இருக்கும் மூன்று மணி நேரமும் வரைவு இன்பாக்ஸில் திறந்தே கிடக்கும்.

எத்தனை கவனமாக எழுதினாலும் ஏதாவது நழுவும். தணிக்கையாளர் தலைப்பை மாற்றிப் பதில் அனுப்புவார், கீழே முழு அட்டவணையும் ஒட்டியிருக்கும். அதற்கென்றே Contributor என்ற அனுமதி இருக்கிறது. ‘தனி’ கோப்புறையில் பி.ஏ.வுக்கு அதைக் கொடுத்தால், அது கோயில் உண்டியல் போல வேலை செய்யும்: உள்ளே போடலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. தலைப்பையோ முதல் வரியையோ கண்டதும் பி.ஏ. படிப்பதை நிறுத்தி, அதை உண்டியலில் போட்டுவிட்டு, ‘ஒன்று போட்டிருக்கிறேன் சார்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். படித்துவிட்டதை மறைப்பதுதான் பெரிய தவறு. படித்திருந்தால் அதையும் சொல்லிவிட்டால் மின்பதிவேட்டில் பெயர் ஏறும், அவ்வளவே.

Private என்ற குறி இந்த வேலைக்குப் போதாது. அந்தக் குறி உள்ளதைப் பிரதிநிதிக்குக் காட்டாமல் அவுட்லுக் மறைக்கும். வேறு செயலியில் திறந்தால் அது தெரியக்கூடும் என்பதால் அதை நம்ப வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. Confidential என்ற குறியோ வெறும் சீட்டு, எதையும் மறைக்காது.

நாட்காட்டி வழியே கசிவது இதைவிட அதிகம். பிரதிநிதிக்குக் கூட்ட அழைப்புகளின் நகல் போகும்படி அமைத்திருந்தால், அவை பி.ஏ.வின் சொந்த இன்பாக்ஸுக்கே போய்விடும்; மேலதிகாரியின் விதியால் அதைத் தடுக்க முடியாது. அழைப்பில் நிறுவனக் கையகப்படுத்தல் பற்றிய தலைப்பும், இணைப்பில் மதிப்பீட்டு அறிக்கையும் இருந்தால் ‘தனி’ கோப்புறை இருந்தும் வீண். அழைப்பின் தலைப்பு குறிச்சொல்லாக இருக்க வேண்டும், ஆவணங்கள் தனி மெயிலில் வர வேண்டும். பாலியல் தொல்லைப் புகார்களும் இப்படித்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, புகாரின் உள்ளடக்கமும் புகார் கொடுத்தவரின் அடையாளமும் வெளியே போகக்கூடாது என்கிறது. ஆனால் புகார் கொடுப்பவருக்கு எந்தக் குறிச்சொல்லும் தெரியாது. அவர் நேரே நிர்வாக இயக்குநரின் முகவரிக்கு எழுதுவார். அதனால் உள்ளகக் குழுவுக்குத் தனி முகவரி அமைத்து, எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவைப்பதுதான் வழி.

ஜிமெயிலில் கோப்புறைவாரி அனுமதி இல்லை. பிரதிநிதி முழுப் பெட்டியையும் படிக்கலாம், அனுப்பலாம், அழிக்கலாம். கடவுச்சொல்லை மாற்ற முடியாது, உரையாடலில் பேச முடியாது. ஆகவே, அங்கே ரகசியக் கடிதங்களுக்கு வேறு முகவரி வைத்துக்கொள்வது தவிர மாற்று இல்லை.

எல்லாம் அமைத்தபின், பி.ஏ.வின் கணினியில், அவருடைய உள்நுழைவில், மேலதிகாரியும் பக்கத்தில் அமர்ந்து சோதிக்க வேண்டும்: ‘தனி’ கோப்புறையைத் திறந்தால் உள்ளே எதுவும் தெரியக்கூடாது, குறிச்சொல்லோடு அனுப்பிய சோதனை மெயில் இன்பாக்ஸில் தலைகாட்டக் கூடாது. பி.ஏ. மாறும்போது அனுமதியை நீக்குவதோடு வேலை முடியாது. பகிரப்பட்ட கோப்புறைகளின் நகலை அவுட்லுக் வழக்கமாகக் கணினியிலேயே இறக்கி வைத்திருக்கும். அவருடைய Sent Items-இலும் பழைய கடிதங்கள் இருக்கும். மடிக்கணினியைத் திரும்பப் பெற்று, அந்தக் கடிதங்களை மேலதிகாரியின் பெட்டிக்கு மாற்றி, முன்பு இயக்கிய அதே இரண்டு கட்டளைகளில் பழைய பெயர் இல்லை என்று பார்த்த பிறகே புதியவரைச் சேர்க்க வேண்டும்.