வாடகை 32,000, வரிவிலக்கு 24,000

பேஸ்லிப்பில் எச்.ஆர்.ஏ. என்று 40,000 ரூபாய் இருக்கிறது. ஹவுஸ் ஓனருக்கு மாதம் 32,000 போகிறது. அப்படியானால் வரி இல்லாத தொகை எவ்வளவு? சிலர் 40,000 என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் 32,000 என்பார்கள். இரண்டுமே இல்லை, 24,000தான்.

2025-26 நிதியாண்டு வரை வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு தந்தது வருமான வரிச் சட்டம் 1961-இன் 10(13ஏ) பிரிவு. எவ்வளவு என்று கணக்குப் போடும் வழியைச் சொன்னது 1962-ஆம் ஆண்டு விதிகளில் இருந்த 2ஏ. மூன்று தொகைகளைத் தனித்தனியாகக் கண்டுபிடித்து, அவற்றில் எது குறைவோ அதற்கு மட்டும் விலக்கு என்கிறது விதி. மீதி எச்.ஆர்.ஏ. சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும்.

வேளச்சேரியில் குடியிருக்கும் ஒரு தனியார் நிறுவன ஊழியரின் 2025-26 நிதியாண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேசிக் 80,000, எச்.ஆர்.ஏ. 40,000, மற்ற படிகள் 50,000. டி.ஏ. கிடையாது. வாடகை 32,000.

முதல் தொகை, கைக்கு வந்த எச்.ஆர்.ஏ.: 40,000. இரண்டாவது, கொடுத்த வாடகையிலிருந்து சம்பளத்தில் 10 சதவீதத்தைக் கழித்தால் வருவது: 32,000-இல் 8,000 போக 24,000. மூன்றாவது, சம்பளத்தில் பாதி: 40,000. மூன்றில் சிறியது 24,000. ஆண்டுக்கு 2,88,000 ரூபாய்க்கு விலக்கு. எஞ்சிய 1,92,000-க்கு வரி உண்டு.

இங்கே 'சம்பளம்' என்பது மாதம் கைக்கு வரும் மொத்தத் தொகை அல்ல. பேசிக்கும், ஓய்வூதியப் பலன்களுக்குக் கணக்கில் கொள்ளப்படும் டி.ஏ.வும், விற்பனையில் நிலையான சதவீதமாகக் கமிஷன் இருந்தால் அதுவும்தான். போனஸ், பயணப்படி, ஸ்பெஷல் அலவன்ஸ் எதுவும் சேராது. மொத்தச் சம்பளமான 1,70,000-இல் 10 சதவீதம் என்று 17,000-ஐக் கழித்துவிட்டு, விலக்கு 15,000தான் என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. அரசு ஊழியர்கள் இதற்கு நேர்மாறாக, டி.ஏ.யைச் சேர்க்க மறந்து விலக்கைக் கூட்டிப் போட்டுவிடுவார்கள்.

மூன்றாவது தொகையைப் பற்றித்தான் ஆபீசில் அதிகம் விவாதம் நடக்கும். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்றால் 50 சதவீதம். மற்ற ஊர்களுக்கு 40. அந்த ஆண்டுக் கணக்கில் பெங்களூரும் 40-தான், வாடகை எவ்வளவு ஏறியிருந்தாலும். இதில் பார்க்க வேண்டியது வீடு இருக்கும் ஊரை. ஆபீஸ் இருக்கும் ஊரை அல்ல. கிண்டியில் வேலை, செங்கல்பட்டில் வீடு என்றால் 40 சதவீதம். ஆனால் நம் ஊழியர் செங்கல்பட்டுக்கே போய் அதே வாடகை கொடுத்தாலும் மூன்றாவது தொகை 32,000 ஆகுமே தவிர, 24,000-க்குக் கீழே இறங்காது. விலக்கு மாறவே மாறாது. அவர் 40,000-க்கு மேல் வாடகை கொடுத்தால்தான் 50-ஆ 40-ஆ என்ற கேள்விக்கே வேலை வரும். தனியார் வேலையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்குக் கடிவாளம் இரண்டாவது தொகைதான். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வாடகையை உன் பொறுப்பில் வைத்துக்கொள், அதற்கு மேல் போவதற்குத்தான் சலுகை என்கிறது அது. முழு 40,000-க்கும் விலக்கு வேண்டுமானால் அவர் 48,000 வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொரு வேடிக்கை: பேசிக் 90,000 ஆக உயர்ந்து வாடகை அப்படியே இருந்தால், விலக்கு 23,000 ஆகக் குறையும்.

தவறு நுழையும் இடம் ஒன்று உண்டு. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் அவர் பெற்றோர் வீட்டில் வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, ஜூலையில்தான் வேளச்சேரிக்கு வந்தார் என்று வையுங்கள். ஆண்டு மொத்தமாகப் போட்டால் வாடகை 2,88,000. அதில் ஆண்டுச் சம்பளம் 9,60,000-இன் 10 சதவீதமான 96,000 போக விலக்கு 1,92,000. இது தப்பு. வாடகைக்குக் குடியிருந்த காலத்துச் சம்பளத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். மாதம் 24,000 வீதம் ஒன்பது மாதத்துக்கு 2,16,000 என்பதே சரி. வித்தியாசம் 24,000. முதல் மூன்று மாத எச்.ஆர்.ஏ.வுக்கு விலக்கே இல்லை. ஆண்டின் நடுவில் வீடு, வாடகை, பேசிக் எது மாறினாலும் மாதாமாதம் போட்டுக் கூட்டுவதுதான் பாதுகாப்பு. படிவம் 16 கைக்கு வந்ததும் அதில் உள்ள விலக்குத் தொகையை இந்தக் கூட்டலோடு ஒத்துப் பார்த்தால் தப்பு இருந்தால் தெரிந்துவிடும்.

வாடகை என்று காட்டுவதிலும் கவனம் வேண்டும். வீட்டுக்காரரிடம் கொடுத்துவைத்திருக்கும் அட்வான்ஸ் வாடகை ஆகாது. கரண்ட் பில்லும் அப்படியே. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஹவுஸ் ஓனரின் பான் எண்ணை நிறுவனத்திடம் தர வேண்டும். அந்த எண்ணை வைத்து, வாடகை அவர் வருமானத்தில் வந்திருக்கிறதா என்று துறை பார்க்க முடியும். அம்மா பெயரில் உள்ள வீட்டில் இருந்துகொண்டு அம்மாவுக்கு வாடகை கொடுப்பதில் தடையில்லை. ஆனால் பணம் உண்மையிலேயே அவர் கணக்குக்குப் போக வேண்டும், அவரும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். வெறும் ரசீது எழுதி வாங்கி வைப்பது ஆபத்து.

இவ்வளவு கணக்கும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே. புதிய முறையில் எச்.ஆர்.ஏ. விலக்கு இல்லை, 2023-24 முதல் அதுதான் இயல்பான முறை, பழையது வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். அதனால் நம் ஊழியருக்கு இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுவோம். ஆண்டுச் சம்பளம் 20,40,000. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, எச்.ஆர்.ஏ. 2,88,000, 80சி-யில் 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000 போனால் 15,27,000 மிஞ்சும். தொழில்வரி போன்ற சில்லறைகளை விட்டுவிட்டால், செஸ்ஸோடு வரி 2,81,424. புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டும் போய் 19,65,000-க்கு வரி 2,00,720.

எச்.ஆர்.ஏ. விலக்கு பழைய முறையில் 89,856 ரூபாயை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. அப்படியும் புதிய முறையில்தான் வரி 80,704 குறைவு. சொந்த ஊரில் பெற்றோர் இருக்கும் அவருடைய வீட்டுக்குக் கடன் வட்டி 2,00,000-மும், தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கூடுதலாக 50,000-மும் அவர் கட்டுகிறார் என்றால் பழைய முறை வரி இன்னும் 78,000 இறங்கும். 2,704 ரூபாயில் அப்போதும் புதியதே முந்தும். அதோடு வாடகையும் 35,000 ஆக இருந்தால் பழையது வெல்லும்.

தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் இந்த முடிவை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். நிறுவனம் புதிய முறைப்படி வரி பிடித்திருந்தாலும், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது பழைய முறையைத் தேர்ந்தெடுத்து எச்.ஆர்.ஏ. விலக்கைக் கேட்கலாம். கெடு தாண்டிவிட்டால் அந்த ஆண்டுக்குப் புதிய முறைதான்.