நோயாளி திருப்தி ஆய்வு: யாரைக் கேட்பது, எத்தனை பேரைக் கேட்பது

செவிலியர் சேவை நோயாளிகளுக்கு எவ்வளவு திருப்தி தந்தது என்று அறியும் ஆய்வில் 'எத்தனை பேரைக் கேட்க வேண்டும்' என்பதுதான் வழக்கமாக முதல் கேள்வியாக எழுகிறது. ஆனால் அதற்கு முன்பே, யாரை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவுசெய்தாக வேண்டும். தேர்வு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது.

நடைமுறையில் அதிகம் காணப்படுவது வசதி மாதிரி. பகல் நேரத்தில் வார்டில் படுத்திருப்பவர்களில், பேசக்கூடிய நிலையில் இருப்பவர்களிடம் படிவம் கொடுக்கப்படுகிறது. வலியிலும் மயக்கத்திலும் இருப்பவர்கள் இதில் விடுபடுகிறார்கள். ஒரே நாளில் வீடு திரும்புபவர்களைவிட இருபது நாள் தங்குபவர்கள் கண்ணில் படும் வாய்ப்பும் பல மடங்கு அதிகம். படிவத்தைக் கொடுப்பவர் அதே வார்டுச் செவிலியர் என்றால், மறுநாள் ஊசி போடப்போகிறவரைப் பற்றி யாரும் குறை எழுத மாட்டார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் நடக்கும் ஹெச்கேப்ஸ் என்ற தேசிய ஆய்வு இதைத் தவிர்க்கவே, வீடு திரும்பிய வயதுவந்த நோயாளிகளில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, டிஸ்சார்ஜ் ஆன 48 மணி நேரத்துக்குப் பிறகுதான் அணுகுகிறது.

ஆகவே நம்பகமான தொடக்கம் டிஸ்சார்ஜ் பதிவேடு. கணக்குக்காக ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அங்கே மாதம் 1,200 பேர் வீடு திரும்புகிறார்கள்: பொது மருத்துவத்தில் 480, அறுவை சிகிச்சையில் 360, மகப்பேறில் 240, எலும்பு முறிவுப் பிரிவில் 120.

எத்தனை பேர் என்பதற்கு, வில்லியம் காக்ரன் எழுதிய மாதிரியெடுப்பு நூலால் பரவலான சூத்திரம் பயன்படுகிறது:

n = z² p (1 − p) / d²

இதில் p என்பது திருப்தி அடைந்தவர்களின் எதிர்பார்க்கப்படும் விகிதம், d என்பது ஏற்கத்தக்க பிழை. 95 சதவீத நம்பிக்கைக்கு z 1.96. விகிதம் முன்கூட்டித் தெரியாதபோது p-ஐ 0.5 என்று வைப்பார்கள். எண்ணிக்கை மிக அதிகமாகத் தேவைப்படும் நிலை அதுதான். பிழை 5 சதவீதம் என்றால் விடை 385. பல ஆய்வேடுகளில் காரணம் சொல்லப்படாமலே இடம்பெறும் 384 என்ற எண்ணும் இதே கணக்கில் வருவதுதான்.

அந்த ஒரு மாதத்து 1,200 பேரைப் பற்றி மட்டுமே முடிவு சொல்வதானால், தொகுதி சிறியது என்பதால் தேவை குறையும்: 385 / (1 + 384/1200), அதாவது 292. வரும் மாதங்களுக்கும் சேர்த்துப் பேச விரும்பினால் இந்தச் சலுகை கிடையாது; 385 பேர் வேண்டும்.

292 என்பது பதில் தருபவர்களின் எண்ணிக்கை. நான்கில் ஒருவர் பதில் தர மாட்டார் என்று எதிர்பார்த்தால் 390 பேரையாவது தேர்ந்தெடுக்க வேண்டும். 1,200-ஐ 390-ஆல் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல் வரும். எனவே மூன்றில் ஒருவர். பதிவேட்டைப் பிரிவு வாரியாகவும், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தேதி வாரியாகவும் வரிசைப்படுத்தி, 1 முதல் 3 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு மூன்றாவது பெயரையும் குறித்தால் 400 பேர் கிடைப்பார்கள். இது முறைசார் மாதிரி. வரிசை பிரிவு வாரியாக இருப்பதால் நான்கு பிரிவுகளுக்கும் 160, 120, 80, 40 என்று அவரவர் பங்கும் தானாக வந்துவிடுகிறது.

மருத்துவமனை முழுமைக்கும் இது போதும். சிக்கல் பிரிவுகளை ஒப்பிடும்போது வருகிறது. எலும்பு முறிவுப் பிரிவின் 40 பேரில் 30 பேர் பதில் தந்தால் அங்கே பிழை ஏறத்தாழ 16 சதவீதம். திருப்தி 70 என்று வந்தால் உண்மை 54 ஆகவும் இருக்கலாம், 86 ஆகவும் இருக்கலாம். அதை வைத்து அந்த வார்டுச் செவிலியர்களைப் பாராட்டுவதும் கண்டிப்பதும் நியாயமல்ல. பிரிவு வாரியான முடிவு தேவை என்றால் படுகை மாதிரிக்கு மாறி, சிறிய பிரிவில் கூடுதலாக எடுக்க வேண்டும். அந்த 120 பேரையுமே அணுகி 90 பேர் பதில் தந்தால் பிழை 5 சதவீதத்தை ஒட்டி இறங்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. மற்ற மூன்று பிரிவுகளில் 270 பதில்கள், இங்கே 90 என்றால், மொத்தப் பதில்களில் நான்கில் ஒரு பங்கு எலும்பு முறிவுப் பிரிவினுடையது. நோயாளிகளிலோ அது பத்தில் ஒரு பங்குதான். எல்லாவற்றையும் அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் தவறான விடை வரும். நான்கு பிரிவுகளின் முடிவுகளையும் முறையே 0.4, 0.3, 0.2, 0.1 என்ற பங்குகளால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பலர் மறந்துவிடும் படி இது.

பதில் தராதவர்களைப் பற்றிய கணக்கு இதோடு முடிவதில்லை. கூடுதலாகப் பெயர்களைச் சேர்ப்பது எண்ணிக்கையை ஈடுகட்டுமே தவிர, மௌனமாக இருப்பவர்களின் கருத்தைக் கொண்டுவராது. அவர்களின் வயது, பிரிவு, தங்கிய நாட்கள் ஆகியவை பதிவேட்டில் இருக்கின்றன. பதில் தந்தவர்களோடு அவற்றை ஒப்பிட வேண்டும். பதில் தராதவர்களில் முதியவர்களும் நீண்ட நாள் தங்கியவர்களும் அதிகம் என்று தெரிந்தால், அவர்களில் சிலரையாவது தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேர், பதில் தந்தவர்கள் எத்தனை பேர், விடுபட்டவர்கள் எத்தகையவர்கள் என்பதை முடிவோடு சேர்த்தே அறிக்கையில் வெளியிட வேண்டும்.