சாட்டை மூடலாம், புகாரை மூடக் கூடாது

வாடிக்கையாளர் சேவை சாட்டில் உட்காருகிறவர்கள் வாரம் ஒரு முறையாவது சந்திக்கும் ஒரு சூழலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு 9:40. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்து டிக்கெட் போட்ட ஒருவர் வருகிறார். யுபிஐ-யில் 1,150 ரூபாய் கழிந்துவிட்டது, டிக்கெட் வரவில்லை. பேருந்து 10:45-க்குக் கிளம்புகிறது. அவர் எழுதும் முதல் வரி: “காச எடுத்துக்கிட்டு டிக்கெட் குடுக்கல. திருட்டுக் கம்பெனியா நீங்க?”

இந்த வரி சுடத்தான் செய்யும். ஆனாலும் இது கோபம், வசவு கிடையாது. பணம் போனதைப் பற்றியும் நிறுவனத்தைப் பற்றியும்தான் அவர் பேசுகிறார். பதில் எழுதும் ஏஜென்ட்டின் பிறப்பு, குடும்பம், சாதி, உடல் எதையும் அவர் தொடவில்லை. இந்த வேறுபாட்டை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். கோபத்துக்கு எச்சரிக்கை கொடுத்தால் நியாயமான புகாரோடு வந்தவரை நாமே வசவுக்குத் தள்ளிவிடுவோம்.

முதல் பதிலில் என்ன இருக்க வேண்டும்?

பல இடங்களில் முதல் பதில் இப்படித்தான் போகிறது: “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தயவுசெய்து அமைதியாக இருங்கள்.” இதில் அவருடைய 1,150 ரூபாயும் இல்லை, 10:45 பேருந்தும் இல்லை. தான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்றே அவருக்குப் படும். ‘அமைதியாக இருங்கள்’ என்பதோ, தவறு அவர் பக்கம் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். நேரில் என்றால் குரலும் முகமும் அந்தச் சொல்லைக் கொஞ்சம் மென்மையாக்கும். சாட்டில் வெறும் எழுத்து மட்டும்தான் நிற்கிறது.

அமைதியான பதில் என்பது அவர் சொன்ன விவரத்தைத் திருப்பிச் சொல்லி, அடுத்து நடக்கப்போவதைக் காட்டும் பதில்: “சார், உங்கள் டிக்கெட் பதிவாகவில்லை, 1,150 ரூபாய் எங்கள் பக்கம் வந்து சேரவும் இல்லை. இங்கே பார்த்துவிட்டேன். 10:45 பேருந்தில் இன்னும் 4 இடங்கள் இருக்கின்றன. முதலில் உங்கள் பயணத்தைப் பார்த்துவிடலாம், பணம் எப்போது திரும்பும் என்பதையும் சொல்கிறேன்.”

பணத்தைப் பற்றிச் சொல்ல ஏஜென்ட்டின் கையில் உறுதியான தகவல் இருக்க வேண்டும். கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டிய யுபிஐ பணம் கணக்கில் கழிந்து, அங்கே உறுதியாகாமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி. ஆகவே ‘விரைவில் வரும்’ என்று எழுதாமல், ‘புதன்கிழமைக்குள் வர வேண்டும்’ என்று கிழமையைச் சொல்லிவிடலாம். கோபத்தில் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தேதி கிடைக்கிறது.

சரிபார்க்க நேரம் வேண்டுமானால் “3 நிமிடத்தில் வருகிறேன்” என்று எழுதிவிட்டு, விடை கிடைக்காவிட்டாலும் மூன்றாவது நிமிடம் வந்து அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று சாட் பார்க்கும் ஏஜென்ட்டுக்கு அந்த நேரம் தெரியாது. மறுமுனையில் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் நீளும்.

எல்லையை ஒரே முறை சொல்லுங்கள்

“இன்னொரு தடவ காசு கட்ட நான் என்ன பைத்தியமா?” என்று அவர் கேட்கிறார். இதுவும் நியாயமான கோபம்தான். புதிதாகப் பணம் கட்டுவதா, காத்திருப்பதா என்பது அவர் முடிவு என்று பதில் போகிறது. அடுத்த வரியில் அவர் ஏஜென்ட்டின் தாயை இழுத்துக் கெட்ட வார்த்தை எழுதுகிறார். இங்கேதான் எல்லை.

“சார், உங்கள் பணத்துக்கும் பயணத்துக்கும் உதவவே இங்கே இருக்கிறேன். என்னையோ என் குடும்பத்தையோ திட்டி எழுதினால் இந்தச் சாட்டைத் தொடர முடியாது. இன்னொரு முறை அப்படி எழுதினால் மூடிவிடுவேன். இப்போது இடத்தைப் பதிவு செய்யட்டுமா, பணத்துக்கு மட்டும் புகார் பதியட்டுமா?”

எது கூடாது என்பதும், மீறினால் என்ன நடக்கும் என்பதும் இதில் தெளிவாக இருக்கின்றன. கடைசி வரி அவரை மறுபடி வேலைக்குத் திருப்புகிறது. பலர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதன் வழியாகவே இறங்கி வந்துவிடுவார்கள், மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். கேட்க வைக்கவும் முயல வேண்டாம். எச்சரிக்கையை மூன்று, நான்கு முறை சொல்வதுதான் பெரிய தவறு. இரண்டாவது முறை சொல்லும்போதே, சொன்னதைச் செய்ய மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

முடிப்பது எப்படி?

அவர் மறுபடியும் அதையே எழுதினால், சொன்னபடி முடிக்க வேண்டும். ஆனால் எதுவும் எழுதாமல் சாட்டைத் துண்டிக்கக் கூடாது: “முன்பே சொன்னதுபோல இந்தச் சாட்டை இப்போது முடிக்கிறேன். 1,150 ரூபாய்க்கான புகார் பதிவாகிவிட்டது, அதன் எண் கீழே இருக்கிறது. பணம் புதன்கிழமைக்குள் வர வேண்டும். வராவிட்டால் இந்த எண்ணோடு எழுதுங்கள், பார்ப்போம்.” இதற்குப் பிறகு எழுதப்படும் எதற்கும் பதில் கிடையாது.

அவருடைய வசவுக்காகப் புகாரைக் கிடப்பில் போடும் உரிமை யாருக்கும் இல்லை. கழிந்த பணம் அவருடையது. மூடப்படுவது அந்த நேரத்து உரையாடல் மட்டுமே. நாளை அவர் வேறு தொனியில் வந்தால் இன்னொரு ஏஜென்ட் முதலிலிருந்து மரியாதையாகவே பேச வேண்டும்.

மூடியதும் குறிப்பு எழுதும்போது ‘மோசமான கஸ்டமர்’ என்று எழுதாதீர்கள். 9:52-க்கு வசவு, 9:53-க்கு எச்சரிக்கை, 9:55-க்கு மறுபடி வசவு, 9:56-க்கு முடிப்பு என்று நடந்ததை மட்டும், அவர் சொற்களை அப்படியே வைத்து எழுதுங்கள். நாளை அவர் மேலிடத்தில் புகார் செய்தால் ஏஜென்ட்டைக் காப்பது அந்தக் குறிப்புதான்.

இந்த வரிசை பொருந்தாத இடங்கள்

‘ஆபீசுக்கு வந்து வெட்டுவேன்’ என்பது போன்ற மிரட்டலுக்கும் பாலியல் வசவுக்கும் எச்சரிக்கை தேவையில்லை. உடனே டீம் லீடரிடம் போக வேண்டும். மிரட்டல் நிஜமாகத் தோன்றினால் போலீசுக்கும் போக வேண்டும். இதற்கு நேர்மாறாக, திட்டிக்கொண்டே வந்தவர் ‘செத்துப்போறேன்’ என்று எழுதினால், அதற்கு முன் எத்தனை வசவு வந்திருந்தாலும் சாட்டை மூடக் கூடாது. டீம் லீடரைப் பக்கத்தில் அழைத்து, அப்படி எழுதியவரோடு பேச்சைத் தொடர்ந்து, மத்திய அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-ஐக் கொடுக்க வேண்டும்.

டீம் லீடர்களுக்கு இரண்டு வேண்டுகோள். இப்படி ஒரு சாட்டை முடித்த ஏஜென்ட்டுக்கு அடுத்த சாட்டை உடனே தள்ளாதீர்கள். பத்து நிமிடம் எழுந்து போய்வரட்டும், இல்லையென்றால் அந்தச் சூடு அடுத்து வரும் அப்பாவியின் மேல்தான் இறங்கும். இன்னொன்று, புதன்கிழமை அந்தப் புகார் எண்ணைத் திறந்து, 1,150 ரூபாய் திரும்பியதா என்று யாராவது ஒருவர் பாருங்கள். திரும்பவில்லை என்றால், அவர் கேட்கும் முன்பே நீங்கள் எழுதுங்கள்.