உங்களுக்குத் தெரியுமா? ஆட்டோகிளேவில் வித்துகளைக் கொல்வது அழுத்தம் அல்ல!

ஸ்போர் எனப்படும் சில பாக்டீரிய வித்துகள் 100 டிகிரியில் கொதிக்கும் நீரிலும் பிழைத்துக்கொள்ளும். ஆட்டோகிளேவில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தம் தரும்போது நீராவியின் வெப்பநிலை 121 டிகிரிக்கு உயர்கிறது. அந்த ஆவி வித்தின் மேல் நீராகப் படியும்போது வெளிவிடும் வெப்பமே அதன் புரதங்களைச் சிதைக்கிறது. அழுத்தத்தின் வேலை வெப்பநிலையை உயர்த்துவது மட்டுமே. உள்ளே பாதிக் காற்று தங்கிவிட்டால், அழுத்தமானியின் முள் அதே 15 பவுண்டைக் காட்டினாலும் வெப்பநிலை ஏறத்தாழ 112 டிகிரிதான் இருக்கும்.

121 டிகிரியை எட்டியதுமே நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். வித்துகள் ஒரே நொடியில் சாவதில்லை. குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை பத்தில் ஒன்றாகக் குறைகின்றன. சோதனைக்குப் பயன்படும் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் வித்துக்கு அந்த இடைவெளி ஒன்றரை நிமிடம் என்று கொண்டால், 10 லட்சம் வித்துகள் 9 நிமிடத்தில் ஒன்றாகக் குறையும். அந்த ஒன்றும் மிஞ்சாதிருக்கவே 121 டிகிரியில் 15 நிமிடம் வைக்கிறார்கள். 1 லிட்டர் குடுவையின் நடுப்பகுதி மெதுவாகத்தான் சூடேறும் என்பதால் அதற்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை.