போனில் சொன்னது தாளில் நிற்கிறதா?

மழை விட்டதும் முடிச்சூரிலும் சேலையூரிலும் மொட்டைமாடி டிரம்மில் தண்ணீர் தேங்கி, டெங்கு கொசு பெருகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டார் முதலில் டாக்டருக்குப் போன் போடுகிறார்கள். அதுவும் மருத்துவ ஆலோசனைதான். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல், அந்த அழைப்புக்கு மருத்துவர் பதிவு வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அவசரக் கிறுக்கலில் நோயும் மருந்தும் நிற்கின்றன, 'எப்போது ஓடி வர வேண்டும்' என்பது விட்டுப்போகிறது. வயிற்றைத் தொட்டோ ரத்த அழுத்தம் அளந்தோ பார்க்காத ஆலோசனையில் முதலில் எழுத வேண்டியதே அதுதான் என்பது என் கருத்து.

ஒரு கற்பனை அழைப்பைப் பார்ப்போம். 'பையன் 9, 24 கிலோ, ஜுரம் 4 நாள், பாரா, தேவைப்பட்டால் வரவும்.' இந்தக் கிறுக்கலில் பெரிய ஓட்டை 'தேவைப்பட்டால்' என்ற சொல்தான். தேவையை முடிவு செய்யும் வேலை தாயின் தலையில் விழுகிறது. இதையே பதிவாக்கினால்: அழைத்த தேதி, நேரம், பேசியவர் தாய், வாந்தியும் ரத்தக்கசிவும் இல்லை என்கிறார், நேரில் பரிசோதிக்கவில்லை, டெங்கு சந்தேகம். பாராசிட்டமால் 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப், ஒரு வேளைக்கு 7 மில்லி, 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் கூடாது. இன்றே ரத்தப் பரிசோதனை. அடுத்தது எச்சரிக்கை: கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து கிடத்தல் அல்லது நிலைகொள்ளாமை, கை கால் சில்லிடுதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை. இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பாராமல் 108 அல்லது குரோம்பேட்டை அரசு மருத்துவமனை. முக்கியமாக ஒரு வரி: ஜுரம் இறங்கினால் ஆபத்து நீங்கியது என்று எண்ண வேண்டாம், டெங்கு சிக்கலாவது பெரும்பாலும் அப்போதுதான். கடைசியில், 'தாய் இவற்றைத் திருப்பிச் சொன்னார்.'

நாளுக்கு ஐம்பது அழைப்பு வரும்போது இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். நியாயம்தான், ஆனால் எச்சரிக்கை வரிகள் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் தாய்க்கும் அனுப்பலாம். எழுதினால் நாளை வழக்கில் மாட்டுவோமே என்ற பயமும் உண்டு. எச்சரித்ததற்குச் சான்று இல்லாத மருத்துவர்தான் அதிகம் மாட்டுவார். அழைப்பு ஒலிப்பதிவாகிறதே என்றால், நள்ளிரவில் வேறொரு டியூட்டி டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், ஆறு வரியைப் படிப்பார்.

நோயாளி தன் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எழுத்தில் கேளுங்கள், கேட்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் செலுத்திய சேவையில் குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது, போனில் பேசிய அன்றே நீங்கள் எழுதிக்கொண்ட நேரமும் டாக்டர் சொன்ன வார்த்தையும்.